125 பீஸில் 7 வரை

திருப்பூரிலிருந்து கப்பலேறக் காத்திருக்கும் ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 2,000 டி-ஷர்ட்டுகள், பெட்டிக்கு 25 வீதம் 80 அட்டைப்பெட்டிகள். வெளிநாட்டு பையர் சார்பில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆய்வாளர் வருகிறார். அவர் 2,000 பீஸையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்பது பெட்டிகளைத் தானே தேர்ந்தெடுத்து, எல்லா சைஸும் கலரும் வரும்படி 125 பீஸை உருவுகிறார். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், தப்பிப்போன அளவு போன்ற ‘மேஜர்’ குறை உள்ளவை அவற்றில் 7 வரை இருந்தால் ஆர்டர் பாஸ். எட்டாவது சிக்கினால் 2,000 பீஸும் ஃபெயில். வெட்டாமல் விட்ட பிசிறு நூல் போன்ற ‘மைனர்’ குறைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. உடைந்த ஊசி முனை துணியில் இருந்தால் கணக்கே கிடையாது. ஒன்று போதும், ஃபெயில்.

125-ம் 7-ம் ஆய்வாளர் மனதில் தோன்றிய எண்கள் அல்ல. 1920-களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தில் ஹெரால்ட் டாட்ஜ், ஹாரி ரோமிக் ஆகியோர் தொடங்கிவைத்த கணக்கு இது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தளவாடக் கொள்முதலுக்கு வந்தது. தோட்டா வெடிக்குமா என்று பார்க்க வெடித்துத்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சோதித்தால் போருக்கு எதுவும் மிஞ்சாது! அந்த ராணுவ அட்டவணைகளின் வாரிசுதான் இன்றைய ஐ.எஸ்.ஓ. 2859. பையர் ‘ஏ.க்யூ.எல். 2.5’ என்று சொல்லிவிட்டால், 2,000 பீஸுக்கு வழக்கமான ஆய்வில் எத்தனை எடுப்பது, எத்தனை வரை பொறுப்பது என்பதை அட்டவணையே சொல்லிவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். 2.5 என்பது சதவீதம். 125-ல் 2.5 சதவீதம் என்றால் மூன்று பீஸ்தான். பிறகு ஏன் 7 வரை விடுகிறார்கள்? பையர் ஏமாளியா?

இல்லை. நூற்றுக்கு இரண்டரை பீஸ் மட்டுமே பழுதான ஓர் ஆர்டரிலும், கைக்கு வரும் 125-ல் ஒருமுறை ஒன்று இருக்கும், மறுமுறை ஐந்து இருக்கும். சராசரிதான் மூன்று. மூன்றுக்கு மேல் போனால் ஃபெயில் என்று வைத்தால், ஒப்புக்கொண்ட தரத்தில் தைத்துக்கொடுத்தவரின் சரக்கே நூறு தடவைக்கு ஏறத்தாழ 38 தடவை திரும்பிப் போகும். 7 என்று வைத்தால் 98 தடவை தேறிவிடும். அந்த நாலு பீஸ் இடைவெளி, அதிர்ஷ்டக் குறைவால் நல்ல கம்பெனி அடிவாங்காமல் இருப்பதற்கான காப்பு.

அதற்கான விலையை பையர் கொடுக்கிறார். உண்மையில் 5 சதவீதம், அதாவது 100 டி-ஷர்ட் பழுதான ஆர்டர் இதே சோதனைக்கு வந்தால், நூற்றில் 70 தடவை பாஸ் ஆகிவிடும். 10 சதவீதம் பழுதாக இருந்தால்தான் சோதனை கண்டிப்பு காட்டுகிறது. அப்போது தேறும் வாய்ப்பு நூற்றில் ஆறேழுதான். ஆகவே ‘பாஸ்’ என்ற முத்திரைக்கு, பழுது இரண்டரை சதவீதத்துக்குள் இருக்கிறது என்று பொருள் இல்லை. மிக மோசமான சரக்கைத் தடுக்கும் சல்லடை இது. நடுத்தர மோசம் பெரும்பாலும் நழுவிவிடும்.

‘எதற்கு இத்தனை அட்டவணை, பத்து சதவீதம் எடுத்துப் பார்த்தால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. இரண்டு சதவீதம் பழுதான 100 பீஸில் பத்தை எடுத்தால், பழுது ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக நூற்றுக்கு 81 வாய்ப்பு. அதே தரத்தில் 1,000 பீஸ் இருந்து 100-ஐ எடுத்தால் அந்த வாய்ப்பு 12-தான். தரம் ஒன்று, தீர்ப்பு இரண்டு. சோதனையின் கூர்மை, எத்தனை பீஸ் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதை அல்ல.

முறை கெடும் இடங்கள் இரண்டு. பெட்டியை ஆய்வாளர் தேர்ந்தெடுக்காமல், தேடிப் பொறுக்கிய பீஸ்கள் அடங்கிய பெட்டிகளைக் கம்பெனி ஆட்களே முன்னால் நகர்த்தி வைப்பது ஒன்று. அதைக் கண்டுபிடிப்பது எளிது: அடுக்கின் அடியிலும் பின்வரிசையிலும் உள்ள பெட்டி எண்ணைச் சொல்லி எடுக்கச் சொன்னால் முகங்கள் மாறும்.

இரண்டாவது இடம் இதைவிட ஆபத்தானது. ஃபெயிலான ஆர்டரைத் தொடாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஆய்வுக்கு வைப்பது. அந்த 5 சதவீதச் சரக்கு முதல்முறை தேற 70 வாய்ப்பு என்றால், இரண்டில் ஒருமுறையாவது தேற 91. ஒரு நூலைக்கூடச் சரிசெய்யாமல்! அதனால்தான் ஃபெயிலானால் 2,000 பீஸையும் பிரித்து, ஒவ்வொன்றாக ரீசெக் செய்து, பழுதை ஒதுக்கிய பிறகே மறு ஆய்வு என்று விதி வைக்கிறார்கள். மறு ஆய்வுக்குப் போகும் ஆய்வாளர் புதிய 125-ஐ எடுக்கும் முன், ரீசெக்கில் ஒதுக்கிய பழுதுகள் எங்கே என்று கேட்க வேண்டும். காட்ட ஒரு குவியல் இல்லையென்றால் ரீசெக் நடக்கவில்லை.