புயல் நாளில் அறை ரத்து: முன்பணம் எப்படித் திரும்பும்?

புயல், வெள்ளக் காலத்தில் தங்கும் விடுதிகள் விருந்தினருக்கு அனுப்பும் ரத்து அறிவிப்பு, வழக்கமான ரத்து விதியைச் சில நாட்களுக்கு மட்டும் நிறுத்திவைக்கிறது. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முன்பணம் கிடைக்காது என்பதே பல விடுதிகளின் அன்றாட விதி. அது எந்தத் தேதிகளுக்குப் பொருந்தாது என்று சொல்வதுதான் அறிவிப்பின் முதல் வேலை.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று பகலிலேயே சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அந்த வார இறுதிக்குப் புதுச்சேரியில் ஒருவர் இரண்டு இரவுகளுக்கு, இரவுக்கு 4,000 ரூபாய் வீதம், 8,000 ரூபாய் கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கான அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"நவம்பர் 29 முதல் டிசம்பர் 2 வரை வருவதாக இருந்தவர்களுக்கு ரத்துக் கட்டணம் இல்லை. ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். டிசம்பர் 7-க்குள் விருப்பத்தைத் தெரிவிக்கவும்."

இதில் ஒரு குறை உண்டு. அவர் புத்தாண்டுக்குத் தேதியை மாற்றுகிறார். அப்போது இரவு வாடகை 6,500 ரூபாய். இரண்டு இரவுக்கும் சேர்த்து வரும் 5,000 ரூபாய் வித்தியாசத்தை யார் ஏற்பது என்று அறிவிப்பில் இல்லை. பழைய வாடகையே செல்லுமா, எந்த நாட்களுக்குச் செல்லாது என்பதையும் எழுதிவிட்டால் தகராறு வராது. வந்து தங்கிவிட்டுப் பாதியில் கிளம்புபவருக்குத் தங்காத இரவுகளின் பணம் உண்டா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

முன்பதிவுத் தளம் வழியாக அறை எடுத்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பணம் தளத்திடம் இருந்தால் விடுதி நேரடியாகத் திருப்பித் தர முடியாது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சம்மதம் மட்டுமே தரலாம். அந்தச் சம்மதம் வருமுன் விருந்தினரே ரத்துப் பொத்தானை அழுத்திவிட்டால், வழக்கமான கட்டணம் தானாகப் பிடிக்கப்படக்கூடும். எதுவும் சொல்லாமல் வராமல் இருந்தாலும் இதே நிலைதான். அதனால் முதலில் விடுதிக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு தளத்தில் ரத்து கோருவதே பாதுகாப்பு.

அறிவிப்பே வராவிட்டால் சட்டம் ஓரளவு கைகொடுக்கும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிறது. அப்போது பெற்ற பலனைத் திருப்பித் தரச் சொல்கிறது 65-ஆம் பிரிவு. விடுதிக்குள் வெள்ளம் புகுந்து அறை தர இயலாதபோது இது பொருந்தும். விடுதி திறந்திருந்து, சாலையும் ஓடி, மழைக்குப் பயந்து ஒருவர் வராமலிருந்தால் இந்த வாதம் எளிதில் நிற்காது. வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை, விமான ரத்துக் குறுஞ்செய்தி போன்றவற்றைச் சேர்த்துவைத்தால் பயணம் முடியாமல் போனதைக் காட்ட உதவும்.