பின்தங்கிய இரண்டு தவணைகள்
க்ரிப் அறிக்கையை வாசிப்பதும் ஒரு வருடத்தில் அதைத் திருத்துவதும்

“எனக்கு க்ரிப்பில பேர் விழுந்திட்டு, இனி எந்த பேங்கும் தராது.” அம்பிட்டிய சந்தியில் இருந்து கண்டி நகரக் கடைவீதி வரைக்கும் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் குறைவு. சொல்பவர் குரலில் ஏதோ ஒரு கறுப்புப் பட்டியலில் பெயர் எழுதப்பட்டு விட்டது போன்ற பயம் இருக்கும். அப்படி ஒரு பட்டியல் கிடையாது. இருப்பது ஒரு பதிவேடு. அதில் ஒழுங்காகக் கடன் கட்டுபவரின் பெயரும் இருக்கிறது, கட்டாதவரின் பெயரும் இருக்கிறது. வங்கியில் ஒரேயொரு கடன் எடுத்திருந்தாலும் உங்கள் பெயரும் அங்கே உண்டு.

க்ரிப் என்று நாம் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தங்களிடம் கடன் பெற்றவர்களின் விபரங்களை மாதாமாதம் அங்கே அனுப்புகின்றன. யார், எவ்வளவு எடுத்தார், எவ்வளவு மீதி, தவணை எத்தனை நாள் பிந்தியிருக்கிறது என்பவையே அந்த விபரங்கள். இவற்றை வைத்துக் கணிக்கப்படுவதுதான் க்ரிப் புள்ளி. அது 250 முதல் 900 வரையான ஓர் எண். எண் கூடக் கூட, இவர் தவணை தவறுவதற்கான வாய்ப்புக் குறைவு என்று பொருள். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது பணியகம் அல்ல. நாம் விண்ணப்பிக்கும் வங்கிதான்.

எங்கட ஆட்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. “நான் வட்டிக் கடன் எடுக்கல்ல, முறாபஹாதான். எனக்கு என்ன க்ரிப்?” என்பார்கள். முறாபஹாவோ இஜாராவோ, அதைத் தருவது அனுமதி பெற்ற வங்கி அல்லது நிதிக் கம்பனி. அந்த நிறுவனம் மற்றக் கடன்களைப் போலவே இதையும் பணியகத்துக்கு அறிவிக்கிறது. இஸ்லாமிய முறையில் தாமதக் கட்டணம் வங்கியின் இலாபத்தில் சேராமல் தர்மத்துக்குப் போகலாம். ஆனால் தாமதம் தாமதமாகத்தான் பதியப்படும். மறுபக்கம், வீட்டுச் சீட்டை ஒரு மாதமும் தவறாமல் கட்டியவரின் நாணயம் அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. வங்கியில் கிடக்கும் சேமிப்பும் அங்கே தெரியாது.

புள்ளியைக் குறைப்பவை பல. பணமில்லாமல் திரும்பிய காசோலை, எல்லை வரைக்கும் இழுத்த கிரெடிட் கார்ட், ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் போட்ட கடன் விண்ணப்பம், மற்றவருக்கு வைத்த பிணைக் கையெழுத்து என்று சொல்லிக்கொண்டு போகலாம். எல்லாவற்றிலும் கனமானது தவணைத் தாமதம். அந்தத் தாமதம் எப்படி எண்ணப்படுகிறது என்பதைப் பலர் விளங்கிக்கொள்வதில்லை. அதை மட்டும் ஒரு கணக்கால் பார்ப்போம்.

அம்பிட்டியவில் ஒரு சிறு கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சாமான் ஏற்ற ஒரு த்ரீவீலை லீசிங்கில் எடுத்திருக்கிறார். மாதத் தவணை 28,500 ரூபா, ஒவ்வொரு மாதமும் 5 ஆம் திகதி. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வீட்டில் வைத்தியச் செலவு, கட்ட முடியவில்லை. மார்ச் 5 ஆம் திகதி தொடக்கம் ஒரு நாளும் பிந்தாமல், சரியாக 28,500 ரூபாவைக் கட்டிக்கொண்டு வருகிறார். வருட முடிவில் வேறொரு கடனுக்குப் போகிறார். “உங்கட லீசிங் வருஷம் முழுக்க அறியர்ஸ்ல ஓடியிருக்கே” என்கிறார்கள். மனிதர் திகைத்துப் போகிறார். பத்து மாதம் திகதி தவறாமல் கட்டிய ரசீது கையில் இருக்கிறதே!

நடந்தது இதுதான். மார்ச் 5 இல் அவர் கட்டிய பணத்தைக் கம்பனி மார்ச் தவணைக்கு வரவு வைக்காது. ஆகப் பழைய நிலுவையான ஜனவரிக்கே வைக்கும். பெப்ரவரித் தவணை அப்படியே நிற்கும். மார்ச் 31 இல் விபரம் போகும்போது, கட்டப்படாத பழைய தவணையின் வயது 54 நாள். ஏப்ரல் 5 இல் கட்டுவது பெப்ரவரிக்குப் போகும், மார்ச் நிற்கும். ஏப்ரல் 30 இல் அதன் வயது 56 நாள். இப்படி டிசம்பர் வரைக்கும் ஒவ்வொரு மாத முடிவிலும் ஐம்பது நாளுக்கு மேல் பிந்தியவராகவே அவர் பதியப்படுகிறார். தவறியது இரண்டு தவணை. அறிக்கையில் தெரிவதோ வருடம் முழுவதும் நீண்ட தாமதம். இடையில் இன்னும் ஓரிரு தவணை தவறி 90 நாளைத் தாண்டினால், வங்கிகள் அதைச் செயற்படாக் கடன் என்று வகைப்படுத்தும். அங்கிருந்து திரும்பி வருவது இன்னும் கஷ்டம்.

ஆகவே திருத்தமும் இங்கேதான் தொடங்க வேண்டும். முதல் மாதம் செய்ய வேண்டியது அறிக்கையை எடுப்பது. ஒவ்வொருவரும் தன் சொந்த அறிக்கையை அடையாளத்தை உறுதிப்படுத்திப் பணியகத்திடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் புள்ளி குறையாது. வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது புள்ளியை அல்ல. ஒவ்வொரு கடனாக எடுத்து, இது என்னுடையதுதானா, மீதித் தொகை சரியா, கட்டி முடித்தது முடிந்ததாகக் காட்டப்பட்டிருக்கிறதா, நான் பிணை நின்ற கடன்கள் எவை என்று பேனையால் குறிக்க வேண்டும். பிழை இருந்தால் ரசீதையும் கடன் முடிந்த கடிதத்தையும் இணைத்து, அந்த விபரத்தை அனுப்பிய நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்க வேண்டும். விபரத்தைத் திருத்தி அனுப்ப வேண்டியது அந்த நிறுவனமே. “க்ரிப்பை கிளியர் பண்ணித் தாரேன்” என்று காசு கேட்பவர்களால் சரியான பதிவை அழிக்க ஏலாது. பிழையான பதிவைத் திருத்த அவர்கள் தேவையும் இல்லை.

அடுத்து, லீசிங் கம்பனியிடம் நிலுவை விபரத்தை எழுத்தில் கேட்க வேண்டும். நமது கடைக்காரருக்கு இரண்டு தவணை 57,000 ரூபா. அதற்கு மேல் தாமதக் கட்டணம். ஒரேயடியாகக் கட்ட முடிந்தால் அடுத்த மாத முடிவிலேயே நிலுவை பூச்சியம். முடியாவிட்டால் மாதத் தவணையோடு 9,500 ரூபாவைக் கூட்டி 38,000 ரூபாவாகக் கட்டலாம். மூன்று மாதத்தில் ஒரு முழுத் தவணை அடைபடும். ஐம்பத்துச் சொச்சம் நாள் இருபத்தைந்து நாள் அளவுக்கு இறங்கும். ஆறு மாதத்தில் தாமதம் இல்லாமல் போகும். தாமதக் கட்டணத்தையும் இதற்குள் தீர்த்துவிட வேண்டும். சில கம்பனிகள் கட்டும் பணத்தில் முதலில் அந்தக் கட்டணத்தையே கழித்துக்கொள்ளும். அப்போது தவணையில் ஆயிரம், இரண்டாயிரம் குறைந்து மறுபடி நிலுவை முளைக்கும். தள்ளுபடி கேட்டால் கிடைப்பதும் உண்டு. வாய்ப் பேச்சை நம்பாமல் கடிதமாக வாங்க வேண்டும்.

ஏழாம் மாதம் தொடக்கம் அதே 9,500 ரூபாவைக் கிரெடிட் கார்ட்டின் பக்கம் திருப்பலாம். இவருடைய கார்ட்டின் எல்லை 200,000 ரூபா, பாவித்தது 180,000. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் தாமதம் பதியாது. ஆனால் எல்லையின் விளிம்பிலேயே நிற்பவர் கையில் காசில்லாதவர் என்று கடன் கொடுப்பவர் கணிப்பார். கார்ட்டைப் பாவிக்காமல், மாத வட்டியைக் கட்டி, அதற்கு மேல் 9,500 வீதம் ஆறு மாதம் கட்டினால் 57,000 குறைந்து மீதி 123,000 ஆகும். நூற்றுக்கு அறுபத்தொன்றரை. இது முழுத் திருத்தம் அல்ல, பாதித் தூரம். ஒரு வருடத்தில் இந்த வருமானத்துக்குள் முடிவது இவ்வளவுதான். கையில் இருக்கும் காசை முதலில் கார்ட்டில் போடாமல் லீசிங்கில் போட்டதற்குக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும் தாமதம் மாதம்தோறும் புதிதாகப் பதியப்படுவதே.

இந்தப் பன்னிரண்டு மாதமும் செய்யாமல் இருக்க வேண்டியவையும் உண்டு. புதிய கடனுக்கு அங்குமிங்கும் விண்ணப்பம் போடக் கூடாது. ஒவ்வொரு நிறுவனம் நம் அறிக்கையைக் கேட்டதும் அதில் பதிந்திருக்கும். “இவர் எல்லா இடமும் அலைகிறார்” என்றே அடுத்தவர் வாசிப்பார். முன்திகதியிட்டுக் காசோலை கொடுப்பவர்கள் கொப்பியில் திகதி வாரியாக எழுதி, கணக்கில் காசு விழும் நாளுக்குப் பின்னால் திகதி போட வேண்டும்.

பிணை விடயம் இன்னும் நுட்பமானது. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, “நாநா, ஒரு கையெழுத்து மட்டும்தான், கட்டுறது நான்” என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்பார். மறுக்க மனம் வராது. ஆனால் அந்தக் கடன் அன்றிலிருந்து நம் அறிக்கையிலும் ஏறும். அவர் கட்டாமல் விட்டால் அதுவும் நம் பெயருக்குக் கீழேயே தெரியும். கம்பனி பணத்துக்கு நம்மிடம் வரும். ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்கள் மாதாமாதம் ரசீதின் படத்தை போனில் அனுப்பச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மைத்துனர் தவணை விட்டது மூன்றாம் மாதம் கடிதம் வந்த பிறகு தெரிவதை விட, முதல் வாரத்திலேயே தெரிவது இருவருக்கும் நல்லது.

பன்னிரண்டாம் மாதம் அறிக்கையை இன்னொரு முறை எடுத்து, முதல் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய தாமதங்கள் அழிந்திருக்காது. அவற்றைத் தொடர்ந்து, லீசிங் வரிசையில் ஆறு மாதம் தாமதமில்லாமல் நிற்கும். கார்ட்டின் மீதி இறங்கியிருக்கும். புதிய விசாரணைகள் இருக்காது. புள்ளி இத்தனை கூடும் என்று முன்கூட்டியே யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வங்கி அதிகாரி கடைசி மாதங்களைத்தான் முதலில் பார்ப்பார். அப்போது அந்த ஜனவரியும் பெப்ரவரியும் ஏன் தவறின என்று சொல்ல வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுகளையும், அதன் பிறகு அடைத்த ரசீதுகளையும் ஒரே கோவையில் கொண்டு போவது நல்லது.