வலி தோளின் முன்புறம், குறை பின்புறம்

போட்டிக்குத் தயாராகும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 4 கிலோமீட்டர் நீந்துகிறாள். மொத்தம் 24 கிலோமீட்டர். அதில் 18 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைல். 50 மீட்டர் குளத்தை ஒருமுறை கடக்க ஒவ்வொரு கையும் சுமார் 20 தடவை சுழல்கிறது என்றால், ஒரு வாரத்தில் ஒரு தோள் 7,200 முறை தலைக்கு மேல் போய்த் திரும்புகிறது. தேசிய அளவில் நீந்துபவர்களுக்கு இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். ஒரு வீச்சில் இருக்கும் சிறு பிசகு நம் கண்ணுக்குத் தெரியாது. அதே பிசகு வாரம் ஏழாயிரம் முறை நடந்தால் தோள் தாங்காது.

இந்த வலிக்கு ‘நீச்சல் வீரர் தோள்’ என்ற பெயரை 1974-இல் கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு எலும்பு மருத்துவர்கள் கொடுத்தார்கள். வலி தோளின் முன்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ இருக்கும். முதலில் பயிற்சி முடிந்த பிறகு மட்டும் எட்டிப் பார்க்கும். பிறகு நீந்தும்போதே வரும். அதற்கும் பிறகு சட்டை போடக் கையைத் தூக்கினாலும், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் வலிக்கும். முதல் கட்டத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் குளத்தை விட்டு விலகாமலே சரிசெய்துவிடலாம். கடைசிக் கட்டம்வரை இழுத்தால் மாதங்கள் போகும்.

தோளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். மேற்கை எலும்பின் உருண்டையான தலை, சப்பை எலும்பில் உள்ள ஆழமில்லாத சிறு குழியில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவார்களே, ஏறக்குறைய அந்த நிலைதான். பழம் விழாமல் இருக்க இரண்டு காரியம் நடக்க வேண்டும்: பழத்தைக் குழியின் நடுவில் பிடித்து வைக்க வேண்டும், பழம் சாயும் பக்கம் கரண்டியையும் சாய்க்க வேண்டும். முதல் வேலையைச் செய்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகள். இரண்டாவது வேலை சப்பை எலும்பைச் சுழற்றும் தசைகளுடையது. அவற்றில் முக்கியமானது செரேட்டஸ். விலா எலும்புகளில் கிளம்பிச் சப்பை எலும்பின் உள்விளிம்பில் போய்ச் சேர்கிறது.

ஃப்ரீஸ்டைலில் உடலை முன்னே தள்ளுபவை இவை அல்ல. மார்பிலும் முதுகின் பக்கவாட்டிலும் இருக்கும் பெரிய தசைகளே கையைக் கீழே இழுத்து உட்புறமாகத் திருகுகின்றன. நீந்த நீந்த அவை பருக்கின்றன. கையை வெளிப்புறமாகத் திருகும் சிறு தசைகள் அதே வேகத்தில் வளர்வதில்லை. முன்னால் இழுப்பவை வலுத்து, பின்னால் பிடிப்பவை பின்தங்கியதும், எலும்பின் தலை குழியின் நடுவிலிருந்து முன்னும் மேலுமாக நழுவுகிறது. தோள் உச்சி எலும்புக்கு அடியில் தசைநாண் ஓடும் இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அங்கே சுப்ராஸ்பைனேடஸ் என்ற தசையின் நாண் நெருக்கப்படுகிறது. நெருக்கம் மட்டுமே காரணம் என்று முன்பு கருதினார்கள். ஓய்வில்லாத உழைப்பில் நாணே தடித்து நைந்துபோவது அதைவிடப் பெரிய காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஆஸ்திரேலியாவில் 13 முதல் 25 வயதுவரையிலான 80 முன்னணி நீச்சல்காரர்களை ஆராய்ந்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. பத்தில் ஒன்பது பேர் தோள்வலி இருந்ததாகச் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்தவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு இந்த நாணில் சேதம் தெரிந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் நீந்தினார்கள் என்பதோடு சேதமும் சேர்ந்தே கூடியது. ஆகவே நீந்தும் தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் வேறு எதைச் செய்தாலும் அது பாதி வைத்தியம்தான்.

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருவோம். அவளுக்கு இடது தோள் வலிக்கிறது; மூச்சு எடுப்பதோ வலது பக்கம். பலரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. குளக்கரையில் லேன் முடியும் இடத்தில் நின்று, அவள் நேரெதிரே வரும்போது கைப்பேசியில் படம் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, இடது கை தண்ணீரில் நுழையும்போது கட்டைவிரல் முதலில் இறங்குகிறது. அப்படி இறங்க வேண்டுமானால் மேற்கை எலும்பு உட்புறமாகத் திருகியிருக்க வேண்டும். திருகிய நிலையில் கை உயர்ந்தால் எலும்பின் புடைப்பு நேராகத் தோள் உச்சியின் அடியில் போய் இடிக்கும். இரண்டாவது, அந்தக் கை தோளுக்கு நேரே இறங்காமல் மூக்குக்கு நேரான கோட்டைத் தாண்டி வலது பக்கம் போகிறது. இடிப்பு இன்னும் கூடுகிறது. மூன்றாவது, வலது பக்கம் மூச்சுக்காகத் தலையைத் தூக்கும்போது இடது கை முன்னால் நீண்டிருக்கிறது. தலையைத் தாங்க, முழங்கையை மடக்காமல் அந்தக் கையால் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறாள். தோள் மிகப் பலவீனமாக இருக்கும் நிலையில் மிகப் பெரிய சுமை ஏறுகிறது. மூச்சை ஒரு பக்கமே எடுப்பதால் உடலும் வலப்பக்கம் நன்றாக உருண்டு, இடப்பக்கம் அரைகுறையாக நிற்கிறது. இடது தோள் தண்ணீருக்கு மேல் எழாததால், கையை வெளியே எடுக்க உடலின் தளத்துக்குப் பின்னால் இழுக்க வேண்டியிருக்கிறது.

திருத்தமும் இதே வரிசையில் வர வேண்டும். கை விரல்நுனிகளோடு, உள்ளங்கை கீழ்நோக்கியபடி, தோளுக்கு நேர்முன்னே நுழைய வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிப் பழகியவருக்குச் சரியான இடம் மிகவும் அகலமாகத் தோன்றும். அதனால் கடிகார முகத்தில் 10, 2 என்ற எண்களை நோக்கிக் கைகளை நீட்டச் சொன்னால், உண்மையில் 11, 1 என்ற இடத்தில் வந்து விழும். இழுப்பைத் தொடங்கும்போது விரல்நுனி கீழே சாய, முழங்கை கையை விட உயரத்தில் நிற்க வேண்டும். அப்போது சுமை முதுகின் பெரிய தசைக்கு மாறும். ஆனால் முழங்கையை வலிந்து மிக உயரத்தில் நிறுத்தச் சொல்லும் கோச்சுகளோடு எனக்கு உடன்பாடில்லை. அதுவும் தோளை உட்புறமாகத் திருகும் நிலைதான்; எல்லாத் தோளும் அதற்கு இடம் தராது. மூச்சை மூன்று வீச்சுக்கு ஒருமுறை இரு பக்கமும் மாற்றி எடுத்தால் உடல் உருளல் சமமாகும். ஒரு கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி தலையைத் திருப்பினாலே மூச்சுக்கு இடம் கிடைக்கும், தூக்க வேண்டியதில்லை.

இந்தத் திருத்தங்கள் களைப்பில்லாத முதல் இருபது நிமிடத்தில்தான் படியும். களைத்த பிறகு பழைய வீச்சே திரும்ப வரும். ஏன் என்பதை 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. நீந்துபவர்களின் தசைகளில் மெல்லிய கம்பிகளைச் செருகி மின்செயலைப் பதிவு செய்தபோது, செரேட்டஸும் ரொட்டேட்டர் கஃபின் முன்பக்கத் தசையும் வீச்சின் எந்தக் கட்டத்திலும் முழுதாக ஓய்வெடுக்கவில்லை. தோள் வலித்தவர்களிடம் இழுப்பின்போது செரேட்டஸ் அடங்கிக் கிடந்தது. ஆகவே இந்தத் தசைகளுக்கு வேண்டியது ஒருமுறை காட்டும் பலம் அல்ல, நெடுநேரம் சோர்ந்துபோகாத தாக்குப்பிடிப்பு. கனமான டம்பெல் இங்கே உதவாது.

பிசியோதெரபிஸ்டிடம் கைக்கருவி இருந்தால், கையை உள்ளே திருகும் பலத்தையும் வெளியே திருகும் பலத்தையும் அளந்துவிடலாம். வெளிப்பலம் உட்பலத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு இருப்பது நல்லது. அந்தப் பெண்ணுக்கு உள்ளே 12 கிலோ, வெளியே 7 கிலோ என்று வந்தால், வெளிப்பலம் 8 கிலோவைத் தாண்டும்வரை வேலை இருக்கிறது என்று பொருள்.

செய்ய வேண்டியவை குறைவு. வலிக்கும் தோள் மேலே இருக்கும்படி பக்கவாட்டில் படுத்து, முழங்கையை 90 பாகை மடக்கி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முன்னங்கையைத் தரைக்கு இணையாகும்வரை உயர்த்துங்கள். இறக்க மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று. அடுத்தது சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப். கைகள் நிமிர்ந்த பிறகு நிறுத்தாமல், சுவரை இன்னும் தள்ளி முதுகின் மேற்பகுதி பின்னோக்கிப் புடைக்கும்வரை போக வேண்டும். செரேட்டஸுக்கு வேலை அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில்தான். மூன்றாவதாக, ரப்பர் பேண்டைக் கதவுப் பிடியில் மாட்டி, சப்பை எலும்புகளைப் பின்னும் கீழுமாகச் சேர்த்து இழுப்பது. தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு இழுத்தால் பயனில்லை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். நீந்துவதற்கு முன்பு இவற்றைச் செய்து தசைகளைக் களைக்க வைக்கக் கூடாது. குளத்திலிருந்து ஏறிய பிறகோ வேறு வேளையிலோ செய்யுங்கள். பலத்தில் மாற்றம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நிறுத்தினால் ஈட்டிய பலமும் படிப்படியாகக் கரைந்துவிடும்.

அதுவரை பேடிலைப் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும்; அது ஒவ்வொரு இழுப்பின் சுமையையும் கூட்டுகிறது. தோள் வலிக்கிறது என்றதும் கிக்போர்டைக் கொடுத்துக் கால் பயிற்சிக்கு அனுப்புவது பல குளங்களில் வழக்கம். கையை முன்னால் நீட்டிப் பலகையில் அழுத்துவது அதே வலி நிலைதான். மல்லாந்து, கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு உதைக்கட்டும். இன்னொருவர் பின்னால் நின்று இரு கைகளையும் முதுகுப்பக்கம் இழுத்துச் சேர்க்கும் பழைய நீட்சிப் பயிற்சியை முழுதாகக் கைவிட வேண்டும். நீச்சல்காரர்களின் தோள் ஏற்கெனவே நெகிழ்ந்தது. அந்த இழுப்பு முன்பக்க உறையை மேலும் தளர்த்திவிடும்.

தூரத்தைக் குறைத்துத் தொடங்கி, வாரம் வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பத்துக்கு மூன்றைத் தாண்டும் வலியோ, மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கும் வலியோ வந்தால் முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்புங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கையை உயர்த்த முடியாத பலவீனம், விரல்களில் மரமரப்பு, தோள் கழன்று விழுவது போன்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேனில் நாண் தடித்திருப்பதாக வந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். வலியே இல்லாத நீச்சல்காரர்களுக்கும் அப்படி இருப்பதுண்டு. மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போகும்போது பிள்ளை நீந்துவதை முன்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த படத்தையும், கடைசி நான்கு வாரங்களில் எத்தனை கிலோமீட்டர் நீந்தினான் அல்லது நீந்தினாள் என்ற கணக்கையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.