பில் சரிதான், சரக்கு வந்ததா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, ஏற்றுமதிக்கு 1000 அட்டைப்பெட்டி ஆர்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி ஒன்று 40 ரூபாய். முதல் லோடில் 600 வருகிறது, பில்லும் 600-க்கு. இரண்டாவது லோடுக்கு 400 என்று பில். இறக்கி எண்ணினால் 380தான். அதிலும் 12 மழையில் நனைந்துபோனதால் அதே வண்டியில் திருப்பி அனுப்பியாகிறது.

மாதக் கடைசியில் கணக்கர் பார்க்கிறார். ஆர்டர் 1000, பில் 1000. காசோலை போய்விடும். கம்பெனி கையில் இருப்பதோ 968 பெட்டி. 1,280 ரூபாய் சத்தமில்லாமல் கூடுதலாகப் போகிறது. ஆர்டரையும் பில்லையும் மட்டும் ஒப்பிட்டால் இது ஒருநாளும் தெரியாது. நடுவில் ‘வந்தது’ என்று மூன்றாவது கட்டம் வேண்டும்.

எக்ஸெல் போதும். C-யில் ஆர்டர், D-யில் ஏற்றுக்கொண்ட சரக்கு, E-யில் பில், F-இல் வித்தியாசம். லோடு வரவர D-யில் பழைய எண்ணை அழித்துப் புதிதாக அடிக்கக்கூடாது. வரவுகளுக்குத் தனி ஷீட் (இங்கே அதன் பெயர் GRN) வைத்து, லோடுக்கு ஒரு வரி எழுதினால் கூட்டல் தானாக வரும். A-யில் ஆர்டர் எண், B-யில் பொருள்:

```
D2: =SUMIFS(GRN!D:D,GRN!A:A,A2,GRN!B:B,B2)
F2: =E2-MIN(C2,D2)
```

F-இல் 32 என்று வந்து நிற்கும். கேட்காமல் கூடுதலாக இறக்கிய சரக்குக்குப் பில் போட்டிருந்தாலும் இதே கட்டம் காட்டிக்கொடுக்கும். ஆனால் 32-ம் ஒரே விவகாரம் அல்ல. வராத 20 பெட்டி வந்தால் பணம். நனைந்த 12-க்கு மாற்றுப் பெட்டியோ கிரெடிட் நோட்டோ வரவேண்டும். குறிப்புக் கட்டத்தில் இதைப் பிரித்து எழுதாவிட்டால், அடுத்த வாரம் போனில் பேசும்போது குழப்பம்தான்.

இந்த ஷீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஃபார்முலா அல்ல, ஸ்டோர்ஸ் ஆள் பில்லைப் பார்த்து ‘400’ என்று எழுதிவிடுவது. அப்படி எழுதினால் மூன்று கட்டமும் அழகாக ஒத்துப்போகும், பணமும் போய்விடும். அதனால் எண்ணுகிறவர் கையில் பில்லைக் கொடுக்காதீர்கள். எண்ணி எழுதிய பிறகு காட்டுங்கள். நூல் போன்ற சரக்கில் ஆர்டர் கிலோவிலும் வரவு மூட்டையிலும் இருந்தால், முதலில் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விலை வித்தியாசத்தை இந்த ஷீட் காட்டாது. அதற்குத் தனிக் கட்டம் தேவை.

தள்ளிப்போடவும் முடியாது. விற்றவர் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சரக்கு வந்த 15 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு.