ஹிரைத்: வேல்ஸ்காரர் மேல் வந்து உட்காரும் ஏக்கம்

வட வேல்ஸில் பாலா என்ற ஊருக்கு அருகே கேப்பல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது. எல்லோரும் வெல்ஷ் பேசிய ஊர். லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக 1957இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1965இல் வீடுகள், பள்ளி, தேவாலயம் எல்லாம் நீர்த்தேக்கத்துக்குள் போயின. அந்த ஊர்க்காரருக்குத் திரும்பிப் போக ஊரே இல்லை. அவர்களுக்கு இருப்பது ஹிரைத்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஊர் ஏக்கம்’ சட்டென்று நாவில் வரும். ஆனால் இறந்துபோன தாயை நினைத்தும் வெல்ஷில் ஹிரைத் என்பார்கள். அங்கே ‘ஊர்’ பொருந்தாது. ‘மீள முடியாத ஊரின் ஏக்கம்’ என்றால் கேப்பல் கெலினுக்குச் சரி. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, அடுத்த வாரம் வீட்டுக்குப் போகப்போகிறவன், அவனும் ஹிரைத் என்றுதான் சொல்வான். மீளவே முடியாத சோகம் என்று மட்டும் இதற்குப் பொருள் சொல்வது கொஞ்சம் மிகை.

‘ஹிர்’ என்றால் வெல்ஷில் நீளம், நெடுமை. அதனால் என் தேர்வு ‘நெடிய ஏக்கம்’. எதன்மீது என்பதை வெல்ஷிலும் தனியாகத்தான் சேர்ப்பார்கள். ‘எனக்கு ஏக்கம்’ என்று நாம் சொல்வதை, ‘வீட்டைப் பற்றிய ஹிரைத் என்மேல் இருக்கிறது’ என்பார்கள். சளி, காய்ச்சலுக்கும் அவர்களிடம் இதே வாக்கிய அமைப்புதான். அந்த ‘என்மேல்’ மட்டும் தமிழில் நிற்காது, விட்டுவிட வேண்டியதுதான்.