மயங்கி விழுந்தாரா, விழுந்து மயங்கினாரா?
(காகித வழி – 17)

இறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "இதில் சாவுக்கான காரணமே இல்லையே" என்பதுதான். நம்ப மாட்டார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பெயர், பாலினம், இறந்த தேதி, இறந்த இடம், பெற்றோர் பெயர், பதிவு எண் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். காரணம் மட்டும் இருக்காது.

யாரோ மறந்து விட்டுவிட்டதல்ல. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவிலேயே இதைத் தடுத்து வைத்திருக்கிறது. பதிவேட்டில் காரணம் எழுதப்பட்டிருந்தாலும், வெளியே கொடுக்கிற தாளில் அதைக் காட்டக் கூடாது. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். எய்ட்ஸில் இறந்தவர், தூக்கில் தொங்கியவர் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் நீட்ட வேண்டியிருக்கிறதே. ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சான்றிதழிலேயே காரணம் இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் நம் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "முழுமையான சான்றிதழ் அனுப்பவும்" என்று திருப்பிக் கடிதம் போடுவார்கள். மொழிபெயர்ப்போடு 17ஆம் பிரிவைச் சுட்டி இரண்டு வரிக் குறிப்பு வைத்துவிட்டால் அந்தக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

அப்படியானால் காரணம் எங்கே இருக்கிறது? ஆஸ்பத்திரியில் இறந்தால் மருத்துவர் நிரப்பும் படிவம் 4-இல். வீட்டில் இறந்து, மருத்துவர் பார்த்திருந்தால் 4ஏ-இல். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் படிவத்தின் நகலை நெருங்கிய உறவினருக்கு ஆஸ்பத்திரி இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். இது தெரியாமல் உடலை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விபத்து, சந்தேகம் என்று காவல் நிலையம் போன சாவென்றால் எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று என்று இன்னும் மூன்று தாள்கள் சேரும். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

திருவண்ணாமலையில் இந்த வேலை ஏன் அடிக்கடி வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அதில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களும் இருக்கிறார்கள். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் பல கோப்புகளைச் சேர்த்து ஒரே ஆளாக்கி ஒரு கதை சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மன் குடியுரிமை பெற்றவர், அறுபது தாண்டியவர். மனைவியோடு கிரிவலம் வந்தார். நிருதி லிங்கம் தாண்டி வருண லிங்கத்துக்குப் போகும் வழியில் விழுந்தார். 108 ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூன்றாம் நாள் இறந்தார். ஜெர்மனியில் அவருக்கு விபத்துக் காப்பீடு இருந்தது.

காவல் நிலையத்தில் மனைவி சொன்னது இது: "நடந்துகொண்டு போகேக்கை இவர் கால் தடக்கி விழுந்திட்டார். தலை கல்லிலை அடிபட்டுது. பிறகுதான் அறிவில்லாமல் போனவர்." ஈழத்துத் தமிழில் தெள்ளத் தெளிவான வாக்குமூலம். கால் இடறி விழுந்தார், தலையில் அடிபட்டது, அதன் பிறகு நினைவிழந்தார். ஆனால் நம்மூர் ரைட்டருக்குத் 'தடக்கி' பழக்கமில்லாத சொல். 'அறிவில்லாமல்' என்றால் இங்கே வேறு அர்த்தம். அவர் கைக்குப் பழகிய வாசகத்தை எழுதினார்: "கிரிவலம் சென்றுகொண்டிருந்தபோது திடீரென மயங்கி கீழே விழுந்ததில் தலையில் பலத்த காயம் ஏற்பட்டு, சிகிச்சை பலனின்றி இறந்துவிட்டார்." மனைவி அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

கால் தடக்கி விழுந்ததும், மயங்கி விழுந்ததும் ஊருக்கு ஒன்றுதான். காப்பீட்டுக்கு அப்படியில்லை. ஜெர்மனியில் விபத்துக் காப்பீட்டின் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று, நினைவு தடுமாறியதால் நேர்ந்த விபத்துக்குப் பணம் கிடையாது என்பது. பக்கவாதம், வலிப்பு வந்து விழுந்தாலும் அதே கதை. அதாவது மயக்கம் முதலில் வந்து விழுந்திருந்தால் நிறுவனம் கையை விரிக்கலாம். விழுந்த பிறகு மயக்கம் வந்திருந்தால் அது விபத்து. நம் நாட்டில் வருடம் 20 ரூபாய் கட்டும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும் கேள்வி இதேதான். விபத்து என்றால் இரண்டு லட்சம் ரூபாய், மாரடைப்பு என்று தெரிந்தால் ஒன்றுமில்லை.

இப்போது மொழிபெயர்ப்பவர் என்ன செய்வது? எஃப்.ஐ.ஆரில் 'மயங்கி கீழே விழுந்து' என்றிருந்தால் அப்படியேதான் பெயர்க்க வேண்டும். மனைவி சொன்னது வேறு என்று நமக்குத் தெரிந்திருந்தாலும் கைவைக்கக் கூடாது. இரக்கப்பட்டு 'தவறி விழுந்து' என்று மாற்றினால், மூலத்தையும் பெயர்ப்பையும் இன்னொரு தமிழரிடம் கொடுத்து ஒப்பிடும் நாளில் உண்மையான கோரிக்கையே மோசடி ஆகிவிடும். 'சிகிச்சை பலனின்றி' என்பதில் வேறொரு கண்ணி. அது நம் செய்தித்தாள் நடை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சிகிச்சை சரியில்லை என்று குறை சொல்வதுபோல் ஒலிக்கும். சிகிச்சை அளித்தும் இறந்தார் என்பதுதான் அதன் பொருள், அப்படித்தான் எழுத வேண்டும்.

அடுத்த தாள், ஆஸ்பத்திரியில் முதலில் போடும் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேட்டு நகல். ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில், பாதிக்கு மேல் சுருக்கெழுத்தாக இருக்கும். நம் கதையில் அதில் இருந்தவை மூன்று. நடக்கும்போது விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று ஒரு வரி. 'எல்.ஓ.சி.' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. பிறகு 'எஸ்.ஹெச்.டி.' எல்.ஓ.சி. என்றால் நினைவிழப்பு, கூட்டல் குறி என்றால் இருந்தது. ஆனால் எப்போது? விழுமுன்னா, விழுந்த பின்னா? தாள் சொல்லவில்லை. தலைக்காயத்தோடு வருகிற எல்லோரிடமும் கேட்கிற வழக்கமான கேள்வி அது, பெரும்பாலும் அடிபட்ட பிறகு நினைவு தப்பியதா என்று பார்க்கத்தான். ஆனாலும் 'பின்' என்ற சொல்லை மொழிபெயர்ப்பவர் சேர்க்க முடியாது, 'முன்' என்றும் தோன்றும்படி எழுதக் கூடாது. "நினைவிழப்பு: ஆம், நேரம் குறிப்பிடப்படவில்லை" என்று விட்டுவிடுவதுதான் நேர்மை. எஸ்.ஹெச்.டி. என்பது நம் மருத்துவர்கள் உயர் ரத்த அழுத்தத்துக்கு எழுதும் சுருக்கம். வெளிநாட்டில் படிப்பவருக்கு அது பிடிபடாது. தெரியாத சுருக்கத்தை ஊகித்து விரிப்பதைவிட ஆஸ்பத்திரியிலேயே கேட்டு எழுதுவது நல்லது.

பிறகு படிவம் 4. இதில் எழுதியிருப்பதைப் போலவே, எங்கே எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். முதல் பகுதியில் அ, ஆ, இ என்று மூன்று வரிகள். அ-வில் உடனடிக் காரணம், ஆ-வில் அதை உண்டாக்கியது, இ-யில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. நம் ஆளுக்கு மூளை அழுத்தம், மூளை உறைக்குக் கீழ் ரத்தக் கசிவு, கீழே விழுந்தது. கீழிருந்து மேலே படித்தால் விழுந்தார், ரத்தம் கசிந்தது, மூளை நசுங்கியது என்று ஒரு கதை ஓடும். சாவுக்குத் துணைபோயிருக்கலாம், ஆனால் இந்தச் சங்கிலியில் சேராத ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இரண்டாம் பகுதியில் தனியாக இருக்கும். அதன் கீழே இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை என்று கட்டங்கள்.

இதைக் கட்டம் கட்டமாகப் பெயர்க்காமல், "ரத்த அழுத்தம், சர்க்கரை, மூளை ரத்தக் கசிவு ஆகியவற்றால் இறந்தார்" என்று ஒரே வாக்கியமாக்கித் தருகிறவர்கள் உண்டு. படிக்க அழகாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன அதே ஜெர்மன் நிபந்தனைகளில், சாவுக்கு நோயும் துணைபோயிருந்தால் அதன் பங்கு வழக்கமாக 25 சதவீதத்தைத் தொட்டதும் தொகையைக் குறைக்கலாம் என்றிருக்கிறது. ஓரத்தில் நின்ற நோயை மொழிபெயர்ப்பு முதல் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. படிவத்தின் அமைப்பை அப்படியே வரைந்து, வரிக்கு வரி நிரப்புவதுதான் முறை.

அ வரியில் நம் ஊரில் மிக அதிகமாகக் காணப்படுவது 'கார்டியோ பல்மனரி அரெஸ்ட்'. இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று அர்த்தம். யாருக்குத்தான் நிற்காமல் இருந்தது? அது சாகும் விதம்தானே ஒழிய நோய் இல்லை. அதைத் தனியாகக் காரணமாக எழுதாதீர்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் மருத்துவர்களுக்குச் சொல்கிறது. இதைத் தமிழில் 'மாரடைப்பு' என்று எழுதி, அந்த மாரடைப்பை இன்னொருவர் வேற்று மொழிக்குக் கொண்டுபோனால், இதய ரத்தக்குழாய் அடைத்துப் போன நோயாளியாக இறந்தவர் மாறிவிடுவார். இடறி விழுந்தவர் இதய நோயாளி ஆகிறார்.

கடைசியாகப் பிரேதப் பரிசோதனைச் சான்று. தமிழ்நாட்டில் அதன் முடிவு வரிக்கு ஒரு மாறாத வாய்ப்பாடு உண்டு. இறந்தவர் தலைக்காயத்தால் 'இறந்திருப்பதாகத் தோன்றுகிறது' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் 'வுட் அப்பியர்' என்றுதான் எழுதுவார்கள். கழுத்து அறுபட்டுக் கிடந்தாலும் அதே 'தோன்றுகிறது'தான். வெளிநாட்டில் அதைப் படிக்கும் அதிகாரிக்கு மருத்துவருக்கே சந்தேகம் என்று படும். பெயர்ப்பில் வாசகத்தை மாற்றாமல், இது இங்குள்ள வழக்கமான வாய்ப்பாடு என்று அடிக்குறிப்புப் போடலாம். குறிப்பு மொழிபெயர்ப்பவருடையது என்று தெரிய வேண்டும், மருத்துவரின் வாயில் வைக்கக் கூடாது. உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு 'முடிவு நிலுவையில்' என்று எழுதியிருந்தால் அது உண்மையான தயக்கம். இறுதிக் கருத்து வரும்வரை அந்தத் தாளை அனுப்புவதில் பிரயோசனமில்லை.

சரி, எஃப்.ஐ.ஆரில் விழுந்த 'மயங்கி'யை என்ன செய்தார்கள்? எஃப்.ஐ.ஆரைத் திருத்த முடியாது. ஆனால் விசாரணை அதிகாரி மனைவியிடமும் கூட நடந்தவர்களிடமும் மறுபடி வாக்குமூலம் பதியலாம். 2024 ஜூலை முதல் பழைய 174-க்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில்தான் இந்த விசாரணை நடக்கிறது. அதன் முடிவில் போலீஸ் தரும் அறிக்கையில் 'கால் இடறி விழுந்து' என்று வந்தது. அந்த அறிக்கையும் மறு வாக்குமூலமும் எஃப்.ஐ.ஆரோடு சேர்ந்து பெயர்க்கப்பட்டன. மூன்றும் தேதி வரிசையில், எதையும் மறைக்காமல்.

பெயர்த்தவர் ஜெர்மனியில் நீதிமன்ற உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர். இங்கே நோட்டரி முத்திரை குத்திய பெயர்ப்பு அங்கே எடுபடும் என்று எண்ணிச் செலவழிக்க வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரைக்கும் அலைய வேண்டாம். இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இரு நாட்டுக்கும் நடுவே அது செல்லாது. அங்குள்ள அரசு அலுவலகம் கேட்டால் ஜெர்மன் தூதரகம் தன் வழியில் ஆள் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விபத்தில் இறந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று ஜெர்மன் விபத்துக் காப்பீடுகளில் வழக்கமாக ஒரு விதி. உடல் பிணவறையில் இருக்கும்போதே ஓடிவிடுகிற 48 மணி நேரம் அது. தாள் ஒன்றுகூட வேண்டாம், அங்கிருக்கும் மகனோ மகளோ ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். காரணம் என்ன என்று கேட்டால், "விழுந்தார், தலையில் அடிபட்டது, விசாரணை நடக்கிறது" என்று எழுதினால் போதும். 'ஹார்ட் அட்டாக்' என்று துக்கம் விசாரிக்க வந்தவர் யாரோ சொன்னதை அதில் எழுதிவிடக் கூடாது.