விருப்பம் வேறு, வழிமுறை வேறு

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மாதக் கூட்டக் குறிப்பை ஏஐ செயலியில்தான் தயாரிக்கிறேன். ஒருமுறை பட்டியலாகக் கேட்டேன். 'இவருக்குப் பட்டியல்தான் பிடிக்கும்' என்று அது என்னைப் பற்றிய தகவலாகக் குறித்துக்கொண்டது. அடுத்த வாரம் கேட்ட இரங்கல் கடிதமும் பட்டியலாகவே வந்தது!

அந்த வரியை நினைவகத்திலிருந்து நீக்கிவிட்டு, கூட்டக் குறிப்புக்கென்றே `SKILL.md` கோப்பு ஒன்றை எழுதினேன். 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த வடிவத்தை இப்போது வேறு செயலிகளும் படிக்கின்றன.

```
---
name: kootta-kurippu
description: சங்கத்தின் மாதக் கூட்டக் குறிப்பு கேட்கும்போது மட்டும்
---
1. வந்தவர் எண்ணிக்கை
2. தீர்மானம், பொறுப்பாளர், கெடு
3. தொகை தெரியாவிட்டால் ஊகிக்காதே, கேள்
```

செயலி முதலில் பார்ப்பது `name`, `description` இரண்டை மட்டுமே. கேட்ட வேலை அதற்குப் பொருந்தினால்தான் கீழே உள்ள படிகளைத் திறந்து படிக்கும். நான் கோட்டைவிட்டதும் அங்கேதான். முதலில் 'குறிப்பு தயாரிக்க' என்று மொட்டையாக எழுதியிருந்தேன். ரசத்துக்குச் சமையல் குறிப்பு கேட்டபோது பொறுப்பாளர் யார் என்று வந்து நின்றது. எப்போது என்பதைச் சேர்த்த பிறகே அடங்கியது.

அடுத்த செயலாளருக்குக் கோப்பை அப்படியே கொடுத்துவிடலாம். அதில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.